இரண்டு ரயில்களின் வால்கள் சந்திக்கும் இடம்

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் எல்லோருக்கும் ரயில் கணக்கு தெரியும். எதிரெதிரே வந்தால் வேகங்களைக் கூட்டு, ஒரே திசையில் போனால் கழி, நீளங்களைக் கூட்டி வகு. சூத்திரம் அவ்வளவுதான். ஆனால் நீளங்களை ஏன் கூட்ட வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்கூடக் கொஞ்சம் தயங்குவார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பயணிக்கு எதிர் ரயில் எத்தனை வினாடியில் கடந்து போகும் என்று கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டால், பாதிப் பேர் அங்கும் இரண்டு நீளங்களையும் கூட்டித் தவறான விடை எழுதிவிடுவார்கள். ஒரு தாளில் இரண்டு கோடு கிழித்துப் பார்த்தால் இந்தக் குழப்பமே வராது.

நம் ஊர்ப் பாதையையே எடுத்துக்கொள்வோம். செங்கல்பட்டுக்கும் விழுப்புரத்துக்கும் இடையே இரட்டைப் பாதை இருக்கிறது. ஒன்றில் தென்மாவட்டம் நோக்கி ஓர் எக்ஸ்பிரஸ் போகிறது. அதில் 22 எல்எச்பி பெட்டிகள். இணைப்பையும் சேர்த்தால் ஒரு பெட்டி ஏறக்குறைய 24 மீட்டர் வரும். மின்சார எஞ்சின் 20 மீட்டருக்குச் சற்று மேல். ஆக மொத்தம் 550 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். பக்கத்துப் பாதையில் நிலக்கரி வேகன்கள் எதிரே வருகின்றன. மேல் திறந்த அந்த வேகன் ஒவ்வொன்றும் 10.7 மீட்டர். 58 வேகன், எஞ்சின், கடைசியில் கார்டு இருக்கும் பிரேக் வேன் எல்லாம் சேர்ந்து 650 மீட்டர் அளவுக்கு நீளும். எக்ஸ்பிரஸின் வேகம் மணிக்கு 108 கிலோமீட்டர், சரக்கு ரயிலின் வேகம் மணிக்கு 72 கிலோமீட்டர் என்று கொள்வோம்.

முதல் வேலை, வேகத்தை வினாடிக்கு எத்தனை மீட்டர் என்று மாற்றுவது. மணிக்கு ஒரு கிலோமீட்டர் என்றால் 3600 வினாடியில் 1000 மீட்டர். சுருக்கினால் வினாடிக்கு 18-இல் 5 பங்கு மீட்டர். ஆகவே 108-ஐ 18-ஆல் வகுத்து 5-ஆல் பெருக்கினால் 30. அதேபோல் 72 என்பது 20. எக்ஸ்பிரஸ் வினாடிக்கு 30 மீட்டர் போகிறது. சரக்கு ரயில் 20 மீட்டர்.

இனி படம். தாளில் இரண்டு இணைகோடுகள் கிழியுங்கள், அவைதான் பாதைகள். எஞ்சினும் எஞ்சினும் நேருக்கு நேர் வரும் இடத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டு அதற்கு 0 என்று பெயர் வையுங்கள். கடத்தல் தொடங்குவது இந்தக் கணத்தில்தான். எக்ஸ்பிரஸ் வலப்பக்கம் நோக்கிப் போகிறது என்றால் அதன் வால் 0-க்கு இடப்பக்கம் 550 மீட்டரில் இருக்கும். சரக்கு ரயில் இடப்பக்கம் நோக்கி வருவதால் அதன் வால் 0-க்கு வலப்பக்கம் 650 மீட்டரில் இருக்கும். இப்போது இரண்டு வால்களுக்கும் இடையே அளந்து பாருங்கள்: 1200 மீட்டர். கடத்தல் முடிவது எப்போது? இரண்டு வால்களும் ஒன்றையொன்று தொடும் கணத்தில். அதாவது இந்த 1200 மீட்டர் இடைவெளி முழுவதும் மூடப்பட வேண்டும். நீளங்களைக் கூட்டுவதன் காரணம் இதுதான்.

இடைவெளி எவ்வளவு வேகமாக மூடுகிறது? ஒவ்வொரு வினாடியும் எக்ஸ்பிரஸின் வால் இந்தப் பக்கமிருந்து 30 மீட்டர் நெருங்குகிறது. சரக்கு ரயிலின் வால் அந்தப் பக்கமிருந்து 20 மீட்டர் நெருங்குகிறது. இரண்டும் சேர்ந்து வினாடிக்கு 50 மீட்டர். சார்பு வேகம் என்று பாடப்புத்தகம் சொல்வது இடைவெளி குறையும் இந்த வேகத்தைத்தான். 1200-ஐ 50-ஆல் வகுத்தால் 24 வினாடி.

விடை சரியா என்பதை அதே படத்தில் சோதித்துப் பார்க்கலாம். தேர்வில் நேரம் இல்லாவிட்டாலும் படிக்கும்போது ஒருமுறையாவது இதைச் செய்து பார்க்க வேண்டும். 24 வினாடியில் எக்ஸ்பிரஸ் 720 மீட்டர் போகிறது. அதன் வால் இடப்பக்கம் 550-இல் தொடங்கியது. ஆக 0-ஐத் தாண்டி வலப்பக்கம் 170 மீட்டரில் நிற்கும். சரக்கு ரயில் அதே நேரத்தில் 480 மீட்டர் நகர்கிறது. அதன் வால் வலப்பக்கம் 650-இல் இருந்தது. 480 கழித்தால் அதுவும் வலப்பக்கம் 170. இரண்டு வால்களும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டன. எஞ்சின்கள் சந்தித்த இடம் வேறு, வால்கள் சந்தித்த இடம் வேறு. இடையில் 170 மீட்டர் தூரம். சூத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டிருப்பவருக்கு இந்தத் தகவல் கிடைக்கவே கிடைக்காது.

இப்போது ஜன்னலோரப் பயணியிடம் வருவோம். எக்ஸ்பிரஸில் நடுப்பெட்டியில் ஒருவர் இருக்கிறார். சரக்கு ரயிலின் எஞ்சின் அவர் ஜன்னலுக்கு நேரே வந்ததும் எண்ணத் தொடங்குகிறார், பிரேக் வேன் ஜன்னலைத் தாண்டியதும் நிறுத்துகிறார். அவர் கண் முன்னே போனது 650 மீட்டர் மட்டுமே. அவர் ரயிலுக்கு 22 பெட்டி இருந்தால் என்ன, 2 பெட்டி இருந்தால் என்ன, அவருடைய கணக்கில் அது வராது. 650-ஐ 50-ஆல் வகுத்தால் 13 வினாடி. முதல் பெட்டியில் இருந்தாலும் கடைசிப் பெட்டியில் இருந்தாலும் அதே 13 வினாடிதான். சரக்கு ரயிலின் கடைசியில் நிற்கும் கார்டுக்கோ எக்ஸ்பிரஸின் 550 மீட்டர்தான் கணக்கு. அவருக்கு 11 வினாடி.

13-ஐயும் 11-ஐயும் கூட்டுங்கள். 24 வந்துவிட்டது. இது தற்செயல் இல்லை. எஞ்சின்கள் சந்தித்த கணத்திலிருந்து எக்ஸ்பிரஸின் லோகோ பைலட் 13 வினாடிக்குச் சரக்கு ரயிலைப் பக்கத்தில் பார்த்துக்கொண்டே போகிறார். 13-ஆவது வினாடியில் பிரேக் வேனில் உள்ள கார்டு அவருக்கு நேரே வருகிறார். லோகோ பைலட்டின் வேலை முடிந்த அந்த இடத்தில் கார்டின் கணக்கு தொடங்குகிறது. எக்ஸ்பிரஸ் முழுவதும் கார்டைத் தாண்ட 11 வினாடி. முழுக் கடத்தல் என்பது இந்த இரண்டு பேரும் அடுத்தடுத்துப் பார்க்கும் நேரங்களின் கூட்டுத்தொகை. நீளங்களைக் கூட்டுவதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது.

ஒரே திசையில் போனால்? இரட்டைப் பாதையில் ஒன்று போக, ஒன்று வர என்பதால், ஓடிக்கொண்டிருக்கும் சரக்கு ரயிலை எக்ஸ்பிரஸ் முந்துவது அங்கே வழக்கமில்லை. சரக்கு ரயிலை வழியில் ஏதாவது ஸ்டேஷனின் லூப் லைனில் ஒதுக்கி நிறுத்திவிட்டு எக்ஸ்பிரஸை விடுவார்கள். நம் ரயில்வேயில் நெடுங்காலமாக இருந்துவரும் லூப் லைனின் அளவு 686 மீட்டர். 650 மீட்டர் ரயில் அதற்குள் அடங்கி நிற்கும். நிற்கும் ரயிலின் வேகம் 0 என்பதால் 1200-ஐ 30-ஆல் வகுத்தால் போதும், 40 வினாடி.

சென்னை கடற்கரை – தாம்பரம் போல் இரண்டுக்கு மேற்பட்ட பாதைகள் இருக்கும் இடத்தில்தான் ஓடும் ரயிலை ஓடும் ரயில் முந்துவதைக் காண முடியும். நம் இரண்டு ரயில்களையும் அப்படி ஒரே திசையில் ஓடவிட்டுப் பார்ப்போம். இப்போது 0 என்பது எக்ஸ்பிரஸின் எஞ்சின் சரக்கு ரயிலின் வாலை எட்டும் இடம். எக்ஸ்பிரஸின் வால் 550 மீட்டர் பின்னே. சரக்கு ரயிலின் எஞ்சின் 650 மீட்டர் முன்னே. மூட வேண்டிய இடைவெளி மாறவில்லை, அதே 1200. ஆனால் பின்னால் இருப்பவர் 30 மீட்டர் நெருங்குவதற்குள் முன்னால் இருப்பவர் 20 மீட்டர் விலகிப் போய்விடுகிறார். மிச்சம் வினாடிக்கு 10 மீட்டர்தான். ஆக 120 வினாடி, அதாவது 2 நிமிடம். அதற்குள் எக்ஸ்பிரஸ் 3600 மீட்டர் ஓடியிருக்கும். எதிரெதிரே 24 வினாடியில் முடிந்த வேலைக்கு இங்கே ஐந்து மடங்கு நேரம். இரண்டு ரயில்களும் ஒரே வேகத்தில் ஓடினால் வித்தியாசம் 0. முந்துவது நடக்கவே நடக்காது.

படம் பார்த்துச் செய்யும் கணக்கில் ஓர் எச்சரிக்கை. வினாத்தாளில் சில சமயம் இரண்டு எஞ்சின்களுக்கும் இடையே ஒரு தூரத்தைக் குறித்திருப்பார்கள், 300 மீட்டர் என்று வையுங்கள். கடக்க ஆகும் நேரம் கேட்டால் அந்த 300 தேவையில்லை, விடை 24 வினாடியேதான். படத்தில் காட்டிய நிலையிலிருந்து முழுவதும் விலக ஆகும் நேரம் கேட்டால் அதையும் சேர்த்து 1500 மீட்டர், 30 வினாடி. எந்தக் கணத்திலிருந்து எந்தக் கணம் வரை என்பதைக் கேள்வியில் அடிக்கோடிட்டுக்கொண்ட பிறகுதான் எண்களைத் தொட வேண்டும். இன்னொன்று, இந்தக் கணக்கு முழுவதும் இரண்டு வேகங்களும் மாறாமல் இருக்கும்வரைதான் செல்லும். ஸ்டேஷனிலிருந்து கிளம்பி வேகம் எடுத்துக்கொண்டிருக்கும் ரயிலுக்கு இது பொருந்தாது.

கணக்கைத் திருப்பிப் போட்டால் எதிர் ரயிலின் வேகத்தையே கண்டுபிடிக்கலாம். பாதையோரத்தில் இருக்கும் கிலோமீட்டர் கல் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு உங்கள் ரயில் எடுக்கும் நேரத்தைப் பாருங்கள். 33 வினாடிக்குச் சற்று மேலே ஆனால் உங்கள் வேகம் வினாடிக்கு 30 மீட்டர். எதிரே வந்த 650 மீட்டர் சரக்கு ரயில் 13 வினாடியில் ஜன்னலைத் தாண்டினால் சார்பு வேகம் 50. உங்கள் 30-ஐக் கழித்தால் அதன் வேகம் 20, அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர்.

ஆனால் ஒரு வினாடி தப்பாக எண்ணினாலும் விடை வெகுதூரம் போய்விடும். 12 வினாடி என்று எண்ணிவிட்டால் எதிர் ரயிலின் வேகம் மணிக்கு 87 என்று வரும்; 14 என்று எண்ணினால் 59. மேலும் வினாடிக்கு நான்கு ஐந்து வேகன்கள் பறக்கும்போது கண்ணால் எண்ணுவது யாராலும் ஆகாது. கைபேசியில் வீடியோ எடுத்துக்கொண்டு, பிறகு மெதுவாக ஓடவிட்டு வேகன்களை எண்ணி, தொடக்கத்தையும் முடிவையும் வீடியோவின் நேரத்தில் பார்த்துக்கொள்வதே சரியான வழி. பத்தில் ஒரு பங்கு வினாடிவரை நேரம் துல்லியமாகக் கிடைத்தால், நேரத்தால் வரும் பிழை மணிக்கு ஒன்றரை கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். படம் எடுக்கும்போது கைபேசி ஜன்னல் கம்பிக்கு உள்ளேயே இருக்கட்டும். கையையோ தலையையோ வெளியே நீட்டாதீர்கள். பக்கத்துப் பாதையில் போகும் ரயில் உங்களுக்கு மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில்தான் வந்துகொண்டிருக்கிறது.