நட்டுவனார் நோட்டும் பல்கலைக்கழக விண்ணப்பமும்

பரதநாட்டியத்தில் மேற்படிப்புக்கு, அதிலும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு, விண்ணப்பிக்கிற பிள்ளைகள் ஒன்றிரண்டு பக்கத்தில் ஓர் அறிக்கை எழுதித் தர வேண்டும். இதுவரை என்ன கற்றேன், இனி எதைப் படிக்க விரும்புகிறேன், ஏன் இந்தத் துறைக்கு வருகிறேன் என்பதுதான் அதன் பொருள். பேச்சில் எல்லோரும் எஸ்.ஓ.பி. என்றே சொல்கிறார்கள். பத்துப் பதினைந்து வருடம் அரைமண்டியில் நின்ற பிள்ளைகள் இந்த இரண்டு பக்கத்தில் தடுமாறுவதைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். ஆடத் தெரிந்ததை எழுத்தில் எப்படி ஒரு படிப்பாக மாற்றுவது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

பெரும்பாலான வரைவுகள் ஒரே மாதிரி தொடங்குகின்றன. ஐந்து வயதில் சலங்கை கட்டியது, அரங்கேற்றம், குருவின் ஆசி, பிறகு ஈராயிரம் ஆண்டு பழமையான நாட்டிய சாஸ்திரம். கடைசிப் பத்தியில் ‘இக்கலையை உலகெங்கும் பரப்ப விரும்புகிறேன்’. இதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் தேர்வுக் குழுவில் இருக்கும் நாட்டிய வரலாற்று ஆய்வாளருக்கு இரண்டாவது பத்தியிலேயே நெருடும். நாட்டிய சாஸ்திரம் பழையது. இன்று நாம் மேடையில் பார்க்கிற வரிசைக்கு, அதாவது அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று போகும் மார்க்கத்துக்கு, ஒழுங்கு கொடுத்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை அரண்மனையில் இருந்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நான்கு சகோதரர்கள். சதிர் என்று வழங்கிய ஆட்டத்துக்குப் பரதநாட்டியம் என்ற பெயர் நிலைத்ததோ 1930களில். நடுவே இருக்கும் இத்தனையையும் தாண்டி நேராகப் பரத முனிவரிடம் போய் நிற்கும் விண்ணப்பம், தான் கற்றது எங்கிருந்து வந்தது என்று எழுதியவர் யோசிக்கவில்லை என்பதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

அப்படியானால் குருவிடம் கற்றதைச் சுருக்கிவிட்டு நூல்களின் பெயர்களை அடுக்க வேண்டுமா? அதுவும் பலன் தராது. நூலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். உங்கள் ஆசிரியர் உங்களுக்கு மட்டும் சொன்ன ஒரு திருத்தத்தை வேறு யாரும் கொண்டுவர முடியாது. குடும்பக் கலையையே ஆய்வுப் பொருளாக்கியவர்களும் உண்டு. வீணை தனம்மாளின் பேரன், பாலசரஸ்வதியின் தம்பி, புல்லாங்குழல் கலைஞர் டி. விஸ்வநாதன் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ராக ஆலாபனையைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்தார். வீட்டில் கேட்டு வளர்ந்த இசைதான் அது. அது எப்படிக் கட்டப்படுகிறது என்பதை ஆராயத்தக்க கேள்வியாக வைத்தார். பயிற்சியும் படிப்பும் சேரும் இடம் இதுதான். கையில் இருப்பதைப் பெருமையாகச் சொல்லிவிட்டு நிறுத்தாமல், அதைச் சான்றாக எடுத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

ஒரு மாணவியின் நிலையை எடுத்துக்கொண்டு இதைப் பார்க்கலாம். தஞ்சைப் பக்கத்து ஊர் ஒன்றில் வயதான ஆசிரியை ஒருவரிடம் கற்றவள். முதல் வரைவில் அவள் இப்படி எழுதுகிறாள்: ‘என் குருவிடம் தூய்மையான பாணியில் பதினான்கு ஆண்டுகள் முறையாகப் பயின்றேன். அபிநயத்தில் எனக்குத் தனி ஈடுபாடு உண்டு.’ குருவின் பெயரை எடுத்துவிட்டு வேறு எந்தக் குருவின் பெயரைப் போட்டாலும் இந்த வாக்கியங்கள் அப்படியே பொருந்தும். ஒரு வரைவு தேறுமா என்று பார்க்க நான் முதலில் செய்வது இந்தச் சோதனையைத்தான்.

அவளை உட்காரவைத்து வர்ணம் எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டால் விஷயம் வெளியே வரும். வர்ணத்தில் ஒரு சாகித்திய வரியைப் பாடகர் திரும்பத் திரும்பப் பாடுவார். ஆடுபவர் முதலில் சொல்லுக்குச் சொல் பொருள் காட்டுவார். பிறகு அந்த வரியை ஒட்டி விரித்து ஆடுவதுதான் சஞ்சாரி. இன்றைக்குப் பல வகுப்புகளில் சஞ்சாரியையும் ஆசிரியரே அமைத்து, இத்தனை ஆவர்த்தனம் என்று எண்ணிக் கொடுத்துவிடுகிறார். இவளுடைய ஆசிரியை அப்படிச் செய்யவில்லை. நடுக்கூடத்தில் உட்கார்ந்து, தட்டுக்கழியைக் கீழே வைத்துவிட்டு, அதே வரியைப் பாடிக்கொண்டே இருப்பார். மாணவி எதையாவது செய்ய வேண்டும். சரியில்லை என்றால், “அதைத்தான் போன தடவையே சொல்லிட்டியேம்மா, வேற சொல்லு” என்பார். ஆசிரியையின் பழைய நோட்டைப் புரட்டினால் தீர்மானங்களின் சொற்கட்டு முழுவதும் தாளக் கணக்கோடு எழுதியிருக்கிறது. சஞ்சாரி வரும் இடத்தில் சாகித்திய வரி மட்டும் இருக்கிறது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

அந்த வெற்றிடம்தான் அவளுடைய கேள்வி. எழுதத் தெரியாமலா விட்டார்கள்? ஜதியை அவ்வளவு கவனமாக எழுதியவருக்கு இது முடியாததில்லை. எழுத வேண்டியதில்லை என்று நினைத்திருக்கலாம். அல்லது எழுதினால் இறுகிவிடும் என்று தவிர்த்திருக்கலாம். தானே அமைத்து ஆடும் சஞ்சாரி எப்போது, எந்தச் சூழலில், ஆசிரியர் அமைத்துக்கொடுக்கும் சஞ்சாரியாக மாறியது? கச்சேரி நேரம் குறைந்ததாலா, ஒரே வகுப்பில் பலருக்குச் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டிவந்ததாலா, பதிவு செய்த பாட்டுக்கு ஆடத் தொடங்கியதாலா? பாட்டு முன்பே பதிவாகிவிட்டால் வரி எத்தனை முறை வரும் என்பதும் முடிவாகிவிடுகிறது. ஆடுபவருக்கு அங்கே நீட்டவும் குறைக்கவும் இடமில்லை.

இப்போது அதே பத்தியை அவள் இப்படி எழுதலாம்: ‘என் ஆசிரியை எனக்கு ஒரு சஞ்சாரியைக்கூட அமைத்துக் கொடுக்கவில்லை. வரியைப் பாடி, கூறியது கூறாமல் ஆடச் சொன்னார். அவருடைய நோட்டில் தீர்மானங்கள் எழுதப்பட்டிருக்கின்றன, சஞ்சாரி இல்லை. இந்தக் கற்பித்தல் முறை எப்படி இயங்கியது, இன்று ஏன் அருகிவருகிறது என்பதை ஆராய விரும்புகிறேன்.’ முதல் வரைவைவிட இது அதிக நீளமில்லை. வேறு எந்த மாணவியும் இதை எழுதியிருக்க முடியாது.

கேள்வி கிடைத்ததும் எப்படித் தேடப்போகிறாய் என்பதையும் சொல்ல வேண்டும். நல்ல வரைவுகள் பல இங்கேதான் சரிகின்றன. ‘நூல்களை ஆராய்வேன், நேர்காணல் எடுப்பேன்’ என்று முடித்துவிடுகிறார்கள். ஒவ்வொரு சான்றும் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரிந்திருப்பதே ஆய்வு மனப்பான்மைக்கு அடையாளம். தஞ்சை நால்வரின் உருப்படிகளைச் சுரக்குறிப்போடு அவர்கள் வழிவந்தவர்கள் ‘பொன்னையா மணிமாலை’ என்ற நூலாக வெளியிட்டார்கள். அதில் வர்ணத்தின் இசை கிடைக்கும். சஞ்சாரியில் ஒருவர் என்ன ஆடினார் என்பது கிடைக்காது. பாலசரஸ்வதியைப் பற்றி சத்யஜித் ராய் 1976இல் எடுத்த ‘பாலா’ படத்தில் அவர் ஆடும் வர்ணத்தைப் பார்க்கலாம். ஆனால் அது ஒரு தடவை ஆடியது. அந்த இடத்திலேயே கற்பனை செய்தாரா, பல ஆண்டுகளில் தனக்குள் பதிந்துபோனதை ஆடினாரா என்று ஒரே ஒரு பதிவை வைத்துச் சொல்ல முடியாது. அதற்கு ஒருவரே ஒரே உருப்படியை வெவ்வேறு நாளில் ஆடிய பதிவுகள் வேண்டும். பழம்பெரும் கலைஞர்களுக்கு அது அரிது. உயிரோடிருக்கும் ஆசிரியையிடம் அது முடியும். அவர் ஒரே வரியை வெவ்வேறு நாட்களில் மூன்று மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுப்பதைப் படம் பிடித்து, எது திரும்ப வருகிறது, எது மாறுகிறது என்று குறித்துக்கொண்டே போகலாம். கடைசியில் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தால் ‘கற்பனை’ என்று மாணவி நம்பியது தவறாகிவிடும். அப்படியும் ஆகலாம் என்று அறிக்கையிலேயே ஒரு வரி எழுதிவிடுவது நல்லது. குருபக்திக்கு அது குறைவு என்று நான் நினைக்கவில்லை.

பரம்பரையைப் பற்றி எழுதும்போது இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். அது யாருடைய பரம்பரை? பாணிகளுக்குப் பந்தநல்லூர், வழுவூர் என்று நட்டுவனார்களின் ஊர்ப்பெயர்கள் இருக்கின்றன. அபிநயம் சொல்லிக்கொடுத்த பெண்களின் பெயர்கள் அந்த வழக்கில் தங்குவதில்லை. மயிலாப்பூர் கௌரி அம்மாள் கபாலீசுவரர் கோயில் மரபில் வந்தவர். பாலசரஸ்வதியும் ருக்மிணி தேவியும் அவரிடம் கற்றிருக்கிறார்கள். இப்படிப்பட்டவர்கள் பாணிப் பெயருக்குள் அடங்குவதே இல்லை. 1947ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவதைத் தடை செய்தது. அந்தக் காலகட்டத்தில் அக்குடும்பப் பெண்களில் பெரும்பாலோர் ஆட்டத்தை விட்டு விலகினார்கள். மேடைக்குப் புதிய வீட்டுப் பெண்கள் வந்தார்கள். அந்தப் புதிய வரவின் வழியில் கற்ற மாணவி, ‘எங்கள் பரம்பரை’ என்று பொதுவாக எழுதினால் இந்த வரலாறு மறைந்துவிடும். ஆசிரியை யாரிடம் கற்றார், அவர் யாரிடம் கற்றார், அவர்களில் இசை வேளாளர் குடும்பத்தவர் யார், அந்த வீட்டில் இன்று யாராவது ஆடுகிறார்களா என்று தெரிந்தவரை பெயர் சொல்லி எழுதலாம். இசை வேளாளர் வீட்டுப் பிள்ளையே விண்ணப்பிக்கிறார் என்றால், குடும்பத்தின் துயரத்தை எடுத்துச் சொல்லித்தான் இடம் வாங்க வேண்டும் என்ற நெருக்கடி அவருக்கு வேண்டாம். பாட்டியின் பாட்டு நோட்டைப் பற்றி அவர் எழுப்பும் கேள்வியே போதும்.

எந்தத் துறைக்குப் போகிறோம் என்பதைப் பொறுத்தும் அறிக்கை மாற வேண்டும். பரோடா பல்கலைக்கழகத்தின் நடனத் துறையில், தஞ்சை இளவரசியின் திருமணத்தோடு பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரோடாவுக்குப் போன ஆடல் கலைஞர்களின் வழிவந்த குபேரநாத் தஞ்சாவூர்க்கர் ஆசிரியராக இருந்தார். அங்கே பட்டமும் பரம்பரைப் பாடமும் ஒரே கட்டடத்துக்குள் இருந்தன. மேலைநாட்டு நடன ஆய்வுத் துறைகள் பலவற்றில் நிலைமை வேறு. கட்டுரை, விவாதம், களப்பணி எல்லாம் இருக்கும். அடவு சொல்லிக்கொடுக்க ஆள் இருக்காது. இது தெரியாமல் ‘என் நடனத் திறனை மேலும் வளர்த்துக்கொள்ள’ என்று அங்கே எழுதினால், பாடத்திட்டத்தையே பார்க்கவில்லை என்று புரிந்துகொள்வார்கள். படிக்கும் காலத்தில் சாதகம் எப்படி நடக்கும், விடுமுறையில் ஆசிரியையிடம் வந்து எந்த உருப்படியைத் தொடரப்போகிறேன், அந்தப் பாடமே ஆய்வுக்கு எப்படிக் களமாகும் என்று இரண்டு வாக்கியம் எழுதினால் போதும்.

அறிக்கையை அனுப்பும் முன் ஆசிரியைக்குப் படித்துக்காட்ட வேண்டும். ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் தமிழில் சொல்ல வேண்டும். நோட்டைப் படம் எடுக்கலாமா, பாடம் சொல்வதைப் பதிவு செய்யலாமா, அவர் பெயரைப் போடலாமா, வேண்டாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். சிலர் ஜதிகளை வெளியே கொடுக்க விரும்பமாட்டார்கள். அவர்களுக்கு அது பிழைப்பும்கூட. அப்படி அவர் மறுத்தால், ஜதிகளை விட்டுவிட்டுச் சஞ்சாரி சொல்லிக்கொடுக்கும் முறையை மட்டும் எடுத்துக்கொள்வதாக அறிக்கையைத் திருத்தி எழுதலாம்.