இன்னொருவர் பெயரில் ஒரு கடை

சவூதி அரேபியாவுக்கு வேலைக்குப் போன வெளிநாட்டவர் தன் சேமிப்பைப் போட்டுக் கடை திறந்து, உரிமத்தை மட்டும் சவூதிக் குடிமகன் ஒருவர் பெயரில் எடுப்பது பல பத்தாண்டுகளாக நடந்துவரும் ஏற்பாடு. பக்காலா எனப்படும் மளிகைக் கடை, தையல் கடை, முடிதிருத்தகம், சிறு உணவகம் என்று தெருவோரத் தொழில்கள் பலவும் இப்படி நடந்திருக்கின்றன. உழைப்பும் முதலும் ஒருவருடையவை. காகிதத்தில் உரிமையாளர் இன்னொருவர். அந்நாட்டுச் சட்டம் இதற்கு ‘தசத்துர்’ என்று பெயரிட்டுக் குற்றமாக வைத்திருக்கிறது.

இந்த வழிக்கு ஆட்களைத் தள்ளியது சட்டத்தின் அமைப்புதான். வேலை விசாவில் இருப்பவர் தன் பெயரில் வணிகப் பதிவு எடுக்க முடியாது. 2016இல் சில்லறை வணிகத்தில் வெளிநாட்டவருக்கு முழு உரிமை அனுமதிக்கப்பட்டபோதும், 3 கோடி ரியால் மூலதனம் என்ற நிபந்தனை விதிக்கப்பட்டது. பெரிய பன்னாட்டு நிறுவனங்களுக்கான கதவு அது. பத்து ஆண்டுகள் சம்பளத்தைச் சேர்த்து வைத்தவருக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. எனவே அவர் தனக்குத் தெரிந்த ஓர் அரபியைத் தேடிப் போனார். பெரும்பாலும் அது அவருடைய கஃபீல், அதாவது விசா கொடுத்த முதலாளி.

ஏற்பாடு எப்படி அமைகிறது, எங்கே உடைகிறது என்பதை ஒரு கற்பனை எடுத்துக்காட்டில் பார்க்கலாம். தொகைகள் விளக்கத்துக்காகத் தரப்பட்டவை. ராமநாதபுரத்திலிருந்து போன ஒருவர் மளிகைக் கடை ஒன்றில் எட்டு ஆண்டுகள் வேலை செய்கிறார். சேமிப்போடு மனைவியின் நகையை அடகு வைத்த பணம், மைத்துனரிடம் வாங்கிய கடன் எல்லாம் சேர்த்து 60,000 ரியால் தேறுகிறது. கஃபீல் தன் பெயரில் வணிகப் பதிவும் நகராட்சி உரிமமும் எடுத்துத் தருகிறார். கடை வாடகை ஒப்பந்தமும் வங்கிக் கணக்கும் அவர் பெயரிலேயே. பணம் போட்டவரின் இக்காமாவில் இருப்பது ‘விற்பனையாளர்’ என்ற பதவி. மாதம் 1,500 ரியால் கஃபீலுக்கு, மீதி இவருக்கு என்பது வாய்ப்பேச்சு.

முதல் சில ஆண்டுகள் எந்தக் குறையும் தெரிவதில்லை. கல்லாவில் விழும் ரொக்கம் இரவில் இவர் கையில் இருக்கிறது. சரக்குக்கு இவரே பணம் கொடுக்கிறார், வாடிக்கையாளர்களுக்கும் இவரைத்தான் தெரியும். கடை தன்னுடையது என்ற நம்பிக்கை அந்தக் கல்லாவிலிருந்து பிறக்கிறது. உண்மையில் அவரிடம் இருந்த ஒரே பிடி அந்த ரொக்கம்தான். மற்ற அத்தனை பிடிகளும் பதிவு எழுதிய நாளிலேயே கைமாறிவிட்டன. கடை பறிபோவது சண்டை வரும் நாளில் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சண்டை அதை வெளியே காட்டுகிறது, அவ்வளவே.

அந்தக் கடைசிப் பிடியும் 2020இல் தளர்ந்தது. அந்த ஆண்டு மே மாதம் மளிகைக் கடைகளுக்கும் ஆகஸ்டில் மற்றச் சில்லறைக் கடைகளுக்கும் மின்னணுக் கட்டணம் ஏற்பது கட்டாயமானது. வாடிக்கையாளர் அட்டையை இயந்திரத்தில் வைக்கிறார். பணம் கடையின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. வரவுக் குறுஞ்செய்தி கஃபீலின் கைபேசிக்குப் போகிறது. கடை உண்மையில் எவ்வளவு சம்பாதிக்கிறது என்பதை உரிமையாளர் முதல்முறையாக நாள்தோறும் பார்க்கிறார். 1,500 ரியால் அவருக்குக் குறைவாகத் தெரியத் தொடங்குகிறது. முதலில் 3,000 கேட்கிறார். பிறகு பாதிப் பங்கு. கொடுக்க மறுத்தால், கணக்கிலிருந்து சரக்குக்காரருக்குப் பணம் அனுப்புவது நின்றுபோகிறது.

கஃபீல் நாணயமானவராகவே இருந்தாலும் ஆபத்து விலகுவதில்லை. அவர் இறந்துவிட்டால் கடை அவருடைய சொத்துகளோடு வாரிசுகளுக்குப் போகும். தந்தை கொடுத்த வாக்கு மகன்களைக் கட்டாது. அப்படி ஒரு வாக்கு இருந்ததே அவர்களுக்குத் தெரியாமலும் இருக்கலாம். அவர் கடனில் மாட்டி வங்கிக் கணக்கு முடக்கப்பட்டாலும் கடையின் பணம் சேர்ந்தே முடங்கும்.

எடுத்துக்காட்டில் வரும் தொழிலாளி விடுப்பில் ஊருக்கு வந்திருக்கும்போது பூட்டு மாற்றப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். திரும்பிப் போய் நியாயம் கேட்க எங்கே போவார்? தொழிலாளர் நீதிமன்றத்தில் சம்பளப் பாக்கி கேட்கலாம். ஆவணப்படி அவர் விற்பனையாளர், எனவே விற்பனையாளர் சம்பளம்தான் பேச்சுக்கு வரும். 60,000 ரியால் முதலீட்டைக் கேட்க வேண்டுமானால், தான் பணம் போட்டு இன்னொருவர் பெயரில் வணிகம் செய்ததாகச் சொல்லியாக வேண்டும். அப்படிச் சொல்வது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகும். இதற்கு நடுவே, வேலையை விட்டு ஓடிவிட்டார் என்று ‘ஹுரூப்’ புகார் கொடுக்கும் வழியும் கஃபீலிடம் இருக்கிறது. கேள்வி கேட்கும் ஆள் அதோடு வாய் மூடிவிடுவார்.

முன்ஜாக்கிரதையாக இருப்பதாக எண்ணிச் சிலர் இரண்டு காரியங்கள் செய்வதுண்டு. ஒன்று, இருவருக்குள்ளும் ஒரு ரகசிய ஒப்பந்தம் எழுதிக்கொள்வது. சட்டவிரோத நோக்கத்துக்காக எழுதிய அந்தத் தாள் பணத்தை மீட்டுத் தராது, குற்றத்துக்குச் சாட்சியாக மட்டுமே உதவும். இன்னொன்று, கடையை நிர்வகிக்க முழு அதிகாரம் தரும் ‘வகாலா’ எனப்படும் அதிகாரப் பத்திரம் வாங்குவது. நிறுவனத்தை வரம்பின்றிக் கையாளும் அதிகாரத்தை வெளிநாட்டவருக்குக் கொடுப்பதையே புதிய சட்டம் மீறலாக எண்ணுகிறது.

அந்தச் சட்டம் 2020 ஆகஸ்டில் பிறப்பிக்கப்பட்டு 2021 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. 2004ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை விடப் பல மடங்கு கடுமையானது. பெயர் கொடுத்தவருக்கும் பெயர் வாங்கியவருக்கும் 5 ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் ரியால் வரை அபராதமும் விதிக்கலாம். குற்றத்தில் ஈட்டிய பணத்தைப் பறிமுதல் செய்யலாம். வெளிநாட்டவர் தண்டனைக்குப் பின் நாடு கடத்தப்படுவார். வேலைக்காகத் திரும்பி வர முடியாது. துப்புக் கொடுப்பவருக்கு வசூலான அபராதத்தில் 30 விழுக்காடு வரை பரிசு உண்டு. ஆகவே அடுத்த கடைக்காரரின் பொறாமை ஒன்றே வழக்காக மாறப் போதும்.

சட்டத்தோடு ஒரு சலுகைக் காலமும் வந்தது. 2022 பிப்ரவரி 16 வரை தாமாக முன்வந்து பதிவைத் திருத்திக்கொள்வோருக்குத் தண்டனையும் பழைய வருமான வரியும் தள்ளுபடி செய்யப்பட்டன. கடையை வெளிநாட்டவர் பெயருக்கு மாற்றுவது, முறையான கூட்டாண்மையாக எழுதுவது, சிறப்பு வதிவுரிமை வாங்குவது, விற்றுவிட்டு விலகுவது ஆகியவை அன்றைய வழிகள். 2019இல் தொடங்கிய சிறப்பு வதிவுரிமைக்கு அப்போது ஆண்டுக்கு 1 லட்சம் ரியால் கட்டணம். சிறு பக்காலாவின் வருமானத்தில் இதைக் கட்டுவது நடக்காத காரியம். நல்ல எண்ணத்தோடு திறந்த வழியாக இருந்தாலும், மிகச் சிறிய கடைக்காரருக்கு விற்றுவிட்டு விலகுவதைத் தவிர வேறொன்றும் எட்டவில்லை என்பதே உண்மை.

வளைகுடாவில் எல்லா நாடும் ஒன்றல்ல. ஐக்கிய அரபு அமீரகம் 2021 ஜூன் முதல் பெரும்பாலான தொழில்களில் உள்ளூர்க்காரருக்கு 51 விழுக்காடு என்ற கட்டாயத்தை நீக்கிவிட்டது. அங்கே சொந்தப் பெயரில் உரிமம் எடுக்க வழியிருந்தும், பழைய பழக்கத்தில் இன்னொருவர் பெயரைத் தேடுவோர் இல்லாத ஆபத்தைத் தாமே வரவழைத்துக்கொள்கிறார்கள்.

“கடை போடலாம், பெயர் மட்டும் அவருடையது” என்று யாராவது சொன்னால் மூன்று ஆவணங்களைக் கேளுங்கள்: வணிகப் பதிவு, வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம். மூன்றிலும் உங்கள் பெயர் இல்லையென்றால், ஊரிலிருந்து நகையை விற்றுப் பணம் அனுப்பச் சொல்லாதீர்கள்.