'டிரஸ்ட் ஸ்கோர்' 86 காட்டினால் பணம் கட்டலாமா? மோசடித் தளங்களைக் கண்டுபிடிக்கும் 'செக்கர்'கள் தவறுவது எங்கே?

இன்ஸ்டாகிராமில் ஒரு விளம்பரம். 4,000 ரூபாய் ஷூ வெறும் 799 ரூபாய். கடையின் பெயரை இதற்கு முன் கேள்விப்பட்டதே இல்லை. உடனே என்ன செய்வீர்கள்? அந்தப் பெயரோடு 'ரியலா, ஃபேக்கா' என்று சேர்த்துத் தேடுவீர்கள். முதல் பக்கத்திலேயே ஒரு 'செக்கர்' தளம் வந்து நிற்கும். பச்சை வட்டத்துக்குள் 100-க்கு 86. கீழே, 'பாதுகாப்பான தளமாகத் தெரிகிறது' என்று ஒரு வரி.

சரி, அந்த 86-ஐ போட்டது யார்?

மதிப்பெண் எப்படி வருகிறது?

பெரும்பாலும் மனிதர் யாரும் போடுவதில்லை. ஒரு மென்பொருள் சில நொடிகளில் கணக்குப் போடுகிறது. அந்த டொமைன், அதாவது இணைய முகவரி, எப்போது பதிவானது? உரிமையாளர் பெயர் வெளியே தெரிகிறதா? பூட்டுச் சின்னத்துக்கான சான்றிதழ் இருக்கிறதா? புகார்ப் பட்டியல் எதிலாவது பெயர் இருக்கிறதா? இப்படி ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் மதிப்பெண் கூட்டிக் கழித்தால் 86.

இந்தப் பட்டியலில் இல்லாதது என்ன என்று பாருங்கள். யாரும் அங்கே ஷூ ஆர்டர் செய்து பார்க்கவில்லை. பொருள் வந்ததா, பணம் யார் கணக்குக்குப் போனது என்று விசாரிக்கவில்லை. அதாவது, மதிப்பெண் முகவரிக்குத்தான். அந்த முகவரியில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு இல்லை.

பூட்டு இருந்தால் போதாதா?

ஒரு காலத்தில் பூட்டுச் சான்றிதழுக்குப் பணமும் நேரமும் செலவாகும். 2015 டிசம்பரில் 'லெட்ஸ் என்கிரிப்ட்' என்ற அமைப்பு அதை இலவசமாக எல்லோருக்கும் திறந்துவிட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் இந்தச் சான்றிதழ் சொல்வது ஒன்றே ஒன்று: உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது. எதிர்முனையில் இருப்பவரே மோசடிக்காரர் என்றால் பூட்டால் என்ன பயன்? இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் 2023 செப்டம்பரில் கூகுள் குரோம், முகவரிப் பட்டையில் இருந்த பூட்டையே எடுத்துவிட்டது.

உரிமையாளர் பெயரும் இப்படித்தான். 2018 மே மாதம் ஐரோப்பாவின் தனியுரிமைச் சட்டம் வந்த பிறகு, டொமைன் வாங்குபவரின் பெயரும் போன் நம்பரும் உலகம் முழுவதும் பெரும்பாலும் மறைக்கப்படுகின்றன. நல்ல கடையும் மறைக்கிறது, கெட்ட கடையும் மறைக்கிறது. 'உரிமையாளர் விவரம் மறைக்கப்பட்டுள்ளது' என்ற எச்சரிக்கையை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

இரண்டு கடைகள், ஒரு கணக்கு

கற்பனையாக இரண்டு கடைகளை எடுத்துக்கொள்வோம்.

முதல் கடை, மத்தியப் பிரதேசத்தின் மகேஷ்வரில் சேலை நெய்யும் ஒரு பெண்ணுடையது. மூன்று வாரத்துக்கு முன்புதான் டொமைன் வாங்கினார். விமர்சனங்கள் இல்லை, பார்வையாளர்களும் குறைவு. செக்கர் அவரைச் சிவப்பில் காட்ட எல்லா வாய்ப்பும் உண்டு.

இரண்டாவது, மோசடிக்காரருடையது. 2011-ல் ஒரு அச்சகம் வாங்கி, பிறகு புதுப்பிக்காமல் விட்ட டொமைனை அவர் ஏலத்தில் எடுக்கிறார். இங்கேதான் சூட்சுமம். காலாவதியான டொமைன் முழுவதுமாக நீக்கப்பட்டு மறுபடி பதிவானால், பதிவு தேதி புதிதாக மாறும். நீக்கப்படும் முன்பே ஏலத்தில் கைமாறினால், பழைய தேதி அப்படியே இருக்கும். செக்கருக்கு இது 2011-லிருந்து நடக்கும் தளம். இலவசப் பூட்டும் உண்டு, புகாரும் இல்லை. மதிப்பெண் ஏறுகிறது.

நெசவாளருக்குச் சிவப்பு, திருடருக்குப் பச்சை.

வயதை மட்டும் நம்பினால் எவ்வளவு தூரம் தவறலாம் என்பதற்கு நிஜ உதாரணமும் இருக்கிறது. 2025 அக்டோபர் 31-க்குள் வங்கிகள் தங்கள் இணையச் சேவையை `.bank.in` என்று முடியும் முகவரிக்கு மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. வங்கிகள் மட்டுமே இந்த முகவரியைப் பெற முடியும். ஆனால் பதிவு தேதியை மட்டும் பார்த்தால், நாட்டிலேயே பாதுகாப்பான இந்த முகவரிகள் 'புதிய, சந்தேகத்துக்குரிய' வகையில் போய் விழும்.

'புகார் எதுவும் இல்லை' என்றால்?

புகார் வர வேண்டுமென்றால் முதலில் யாராவது ஏமாற வேண்டும். பொருள் வராது என்பது தெரியவே பத்து நாள் ஆகும். அதற்குள் மோசடிக்காரர் கடையை மூடிவிட்டு வேறு பெயருக்குப் போயிருப்பார். 'புகார் இல்லை' என்பதற்கு 'இன்னும் யாரும் சொல்லவில்லை' என்பதும் ஓர் அர்த்தம்.

இன்னொரு தந்திரமும் உண்டு. விளம்பரத்தைத் தட்டி போனில் வருபவருக்கு ஷூ கடை தெரியும். அதே முகவரிக்கு செக்கரின் மென்பொருள் வந்தால், சாதாரண வலைப்பூ போல வேறு பக்கம் காட்டப்படும். செக்கர் பார்த்தது நீங்கள் பார்த்த பக்கமே இல்லை.

செக்கருக்கு வருமானம் எப்படி?

உங்களிடம் காசு வாங்குவதில்லை. விளம்பரம், பாதுகாப்பு மென்பொருளை விற்றுக் கொடுத்தால் கமிஷன், மதிப்பிடப்படும் நிறுவனங்களுக்கே கட்டணச் சேவை என்று பல வழிகள். 2016 நவம்பரில், தளங்களுக்கு மதிப்பெண் தரும் 'வெப் ஆஃப் டிரஸ்ட்' என்ற பிரபல பிரவுசர் நீட்சி, பயனர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறார்கள் என்ற தகவலை மற்றவர்களுக்கு விற்றதை ஜெர்மனியின் என்டிஆர் ஒலிபரப்பு நிறுவனம் வெளிக்கொண்டுவந்தது. நீட்சியை பிரவுசர் கடைகளிலிருந்து எடுக்க வேண்டி வந்தது.

செக்கர் பக்கத்தில் 'இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம்' என்ற விளம்பரமோ கமென்ட்டோ கண்ணில் பட்டால் தொடவே வேண்டாம். ஏமாந்தவரிடமே மறுபடி 'ஃபீஸ்' வாங்கும் இரண்டாம் ரவுண்டு மோசடி அது.

அப்போ எதைப் பார்ப்பது?

செக்கரைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. சிவப்பு வந்தால், நின்று விசாரிக்க அது ஒரு காரணம். பச்சை வந்தால், அதற்கு எந்த அர்த்தமும் கொடுக்காதீர்கள்.

முதலில் `web.archive.org` போய் முகவரியைப் போடுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே என்ன இருந்தது என்று பல தளங்களுக்குப் படத்தோடு தெரியும். அப்போது அச்சகம், இன்று ஷூ கடை என்றால் கதை புரிந்துவிடும்.

அடுத்து, தளத்தின் அடியில் ஜிஎஸ்டி எண் இருந்தால் `services.gst.gov.in`-ல் இலவசமாகத் தேடலாம். வணிகத்தின் பெயரும் பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதும் வரும். எல்லாச் சிறு விற்பனையாளருக்கும் ஜிஎஸ்டி கட்டாயமில்லை, அதனால் எண் இல்லாததே குற்றமில்லை. எண் இருப்பதும் உறுதியில்லை, வேறொருவர் எண்ணை ஒட்டியிருக்கலாம்.

அதனால்தான் கடைசிச் சோதனை முக்கியம். யுபிஐ-யில் பின் நம்பர் போடுவதற்கு முன், பணம் பெறுபவர் பெயர் திரையில் வரும். கடையின் பெயரோ ஜிஎஸ்டியில் உள்ள பெயரோ இல்லாமல், சம்பந்தமே இல்லாத தனிநபர் பெயர் வந்தால், ஸ்கோர் 86 ஆனாலும் 99 ஆனாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பணம் போய்விட்டதா? உடனே 1930-க்கு அழையுங்கள், `cybercrime.gov.in`-லும் பதியலாம். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் அதை முடக்க முயல்வார்கள். அதனால் இதில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.