வலியின்றிச் சிவந்து வெளியேறும் மலம்: குழந்தையின் குடலில் ஒளிந்திருக்கும் சிறு பை

இரண்டு வயது நிரம்பிய ஆண் குழந்தை ஒன்றை ஒரு காலை வேளையில் அவனுடைய தாயும் பாட்டியும் எங்கள் பிரிவுக்கு அழைத்து வந்தனர். முந்தைய நாள் மாலை அவனுடைய டயப்பரில் மலம் செங்கல் நிறத்தில் இருந்தது. மதிய உணவில் பீட்ரூட் பொரியல் உண்டிருந்ததால் அதன் சாயமாக இருக்கும் என்று வீட்டில் கருதினர். இரவில் மீண்டும் இருமுறை அவ்வாறே போயிற்று. விடியற்காலையில் கண்டதில் மலமே இல்லை. கருஞ்சிவப்பு இரத்தமும் அதனிடையே சிறு கட்டிகளும் மட்டுமே இருந்தன. ஆயினும் குழந்தை அழவில்லை. வயிற்றைத் தொட்டால் சிணுங்கவும் இல்லை. காத்திருப்போர் அறையில் பொம்மைக் காரை உருட்டிக்கொண்டிருந்தான். "வலி இருந்தால் அழுதிருப்பானே, ஐயா" என்றார் பாட்டி.

அவர் கூறியது உண்மையே. ஆனால் அந்த வலியின்மைதான் எங்களைக் கவலைகொள்ளச் செய்தது. அதற்கான காரணத்தையும், அக்குழந்தைக்கு இருந்த குறையை எவ்வாறு கண்டறிந்தோம் என்பதையும் இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

வலி இல்லாமை ஏன் ஒரு தடயம்?

சிறு குழந்தையின் மலத்தில் இரத்தம் காணப்படுவதற்கான காரணங்களுள் பெரும்பாலானவை வேறு அறிகுறிகளையும் உடன் கொண்டுவரும். மலச்சிக்கலால் ஆசனவாயில் வெடிப்பு ஏற்பட்டிருந்தால் குழந்தை முக்கி அழும். கெட்டியான மலத்தின் மேற்புறத்தில் சிவப்புக் கோடுபோல் சிறிதளவு இரத்தம் ஒட்டியிருக்கும். சீதபேதியில் காய்ச்சலும் சளி கலந்த கழிச்சலும் இருக்கும். குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்துகொள்ளும் குடல் செருகலில், குழந்தை திடீரெனக் கால்களை மடக்கி வீறிட்டழும், சற்று ஓய்ந்து, மீண்டும் அழும், வாந்தியும் எடுக்கும். பெருங்குடலில் தோன்றும் பாலிப் என்னும் சிறு சதை வளர்ச்சி வலியின்றி இரத்தம் கசியச் செய்வதுண்டு; ஆனால் அது பெரும்பாலும் சிறிது சிறிதாகவே வரும்.

இவை எதிலும் சேராமல், வலியும் காய்ச்சலும் இன்றி, இரண்டு வயதை ஒட்டிய குழந்தைக்கு மிகுதியான இரத்தம் போனால் நாங்கள் முதலில் நினைப்பது மெக்கல் பை என்னும் பிறவிக் குறையை. இப்பையை 1809ஆம் ஆண்டில் விரிவாக ஆராய்ந்து விளக்கிய யோகான் பிரீட்ரிக் மெக்கல் என்ற ஜெர்மானிய உடற்கூற்றியல் அறிஞரின் பெயரால் இது அழைக்கப்படுகிறது.

இந்தப் பை எங்கிருந்து வந்தது?

தாயின் கருவறையில் முதல் சில வாரங்களில் கருவின் குடலுக்கும் அதனருகே உள்ள மஞ்சட்கருப் பைக்கும் இடையே ஒரு மெல்லிய குழாய் இணைப்பு இருக்கும். பின்னர் நஞ்சுக்கொடி கருவுக்கு ஊட்டமளிக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டதும் இந்தக் குழாய்க்கு வேலை இல்லை. ஏறத்தாழ ஏழாவது வாரத்திற்குள் அது சுருங்கி மறைந்துவிடும். சிலருக்கு மட்டும் குடலோடு ஒட்டிய அடிப்பகுதி மறையாமல், கையுறையின் ஒற்றை விரல்போல் சிறுகுடலின் ஓரத்தில் தங்கிவிடுகிறது. அதுவே மெக்கல் பை. சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்திற்குச் சற்று முன்னால், பெரியவர்களில் ஏறத்தாழ இரண்டடி தொலைவில், இது அமைந்திருக்கும்.

நூற்றுக்கு இருவர் அளவில் இப்பை இருப்பதாகக் கணக்கிடப்படுகிறது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அது தம் உடலில் இருப்பதையே அறியாமல் நலமாக வாழ்ந்து முடிக்கின்றனர். கருவுற்ற காலத்தில் தாய் உண்டதாலோ செய்ததாலோ இது வந்ததன்று. பெற்றோர் தம்மைக் குற்றம் சொல்லிக்கொள்ள இதில் இடமில்லை.

அப்படியானால் இரத்தம் ஏன் வருகிறது? சில பைகளின் உட்சுவரில், குடலுக்குரிய சவ்வுக்குப் பதிலாக இரைப்பைக்குரிய சவ்வு வளர்ந்திருக்கும். இரைப்பைச் சவ்வு எங்கிருந்தாலும் தன் இயல்பை விடுவதில்லை, அமிலத்தைச் சுரக்கும். உண்மையான இரைப்பைக்கு அந்த அமிலத்தைத் தாங்கும் கோழைப் படலம் உண்டு. சிறுகுடலின் கீழ்ப்பகுதிக்கு அத்தகைய காப்பு இல்லை. ஆகவே பையை ஒட்டிய குடற்சுவர் அரிக்கப்பட்டுப் புண்ணாகிறது. புண்ணின் அடியில் உள்ள இரத்தக் குழாய் திறந்துகொள்கிறது. குடலின் நரம்புகள் இழுத்தலையும் உப்பலையும் வலியாக உணர்த்துமேயன்றி, உட்சவ்வு அரிபடுவதை அவ்வளவாக உணர்த்துவதில்லை. இதனாலேயே இரத்தம் பெருகியும் குழந்தை விளையாடிக்கொண்டிருக்கிறது.

எவ்வளவு இரத்தம் போனால் ஆபத்து?

நாங்கள் கண்ட குழந்தையின் எடை 11 கிலோ. இந்த வயதில் ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 75 முதல் 80 மில்லிலிட்டர் இரத்தம் உடலில் இருக்கும். அவ்வாறாயின் அவனுடைய உடலில் உள்ள மொத்த இரத்தமே ஒரு லிட்டருக்குக் குறைவு. பெரியவர் ஒருவர் ஒரு டம்ளர் இரத்தத்தை இழந்தால் தாங்கிக்கொள்வார். இக்குழந்தைக்கு அது மொத்தத்தில் ஏறத்தாழக் கால் பங்கு.

வந்தவுடன் எடுத்த சோதனையில் ஹீமோகுளோபின் 10.6 என்று வந்தது. "இவ்வளவு இருக்கிறதே, பயமில்லைதானே" என்று தாய் கேட்டார். இரத்தம் வேகமாகப் போகும்போது எஞ்சியிருக்கும் இரத்தத்தின் அடர்த்தி உடனே மாறுவதில்லை. திசுக்களிலிருந்து நீர் கசிந்து இரத்தக் குழாய்களை நிரப்பிய பிறகே அந்த எண் இறங்கும். அதற்குப் பல மணி நேரம் ஆகும். எனவே முதல் எண்ணை நம்பாமல், நாடித்துடிப்பையும் கைகால்களின் வெப்பத்தையும் இரத்த அழுத்தத்தையும் தொடர்ந்து கவனித்தோம். துடிப்பு அந்த வயதுக்கு இயல்பானதைவிட விரைவாக இருந்தது. கீழ் இமையின் உட்புறம் வெளுத்திருந்தது. ஆறு மணி நேரம் கழித்து எடுத்த சோதனையில் ஹீமோகுளோபின் 7.2 ஆக இருந்தது. அவனுக்கு இரத்தம் ஏற்றப்பட்டது.

அன்று மாலை இரத்தப்போக்கு தானாகவே நின்றுவிட்டது. குடும்பத்தார் நிம்மதியடைந்தனர், வீட்டுக்குச் செல்லலாமா என்றும் கேட்டனர். இது பலரும் இடறும் இடம். இரத்தம் குறையும்போது உடல் குடலுக்குச் செல்லும் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. அதனால் கசிவு சில நேரம் நிற்கும். புண்ணும் அதை உண்டாக்கிய அமிலமும் அங்கேயேதான் இருக்கின்றன. நின்ற இரத்தம் அடுத்த நாளும் வரலாம், சில மாதங்கள் கழித்தும் வரலாம்.

கண்ணுக்குத் தெரியாததை எப்படிக் கண்டோம்?

வாய் வழியாகச் செலுத்தும் எண்டோஸ்கோப்பிக் குழாய் சிறுகுடலின் தொடக்கம் வரையே செல்லும். ஆசனவாய் வழியாகச் செலுத்துவது பெருங்குடலையும் அதைக் கடந்து சிறுகுடலின் கடைசிச் சில அங்குலங்களையும் மட்டுமே காட்டும். மெக்கல் பை இவ்விரண்டிற்கும் இடையே எட்டாத இடத்தில் இருக்கிறது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் அது மற்றக் குடல் வளைவுகளைப் போலவே தோன்றுவதால் பெரும்பாலும் தப்பிவிடும். குடல் செருகல் இல்லை என்பதை உறுதிசெய்யவே அச்சோதனையைச் செய்தோம்.

எனவே பையைத் தேடாமல், அதனுள் இருக்கும் இரைப்பைச் சவ்வைத் தேடுகிறோம். டெக்னீசியம் என்னும் கதிரியக்கப் பொருளை மிகச் சிறிய அளவில் கையிலுள்ள நரம்பின் வழியே செலுத்தினால், இரைப்பைச் சவ்வு அதை இரத்தத்திலிருந்து ஈர்த்துக்கொள்ளும். குழந்தையின் வயிற்றுக்கு மேலே நிறுத்தப்படும் காமா கேமரா அந்தக் கதிர்களைப் படமாக்கும். இதையே மெக்கல் ஸ்கேன் என்கிறோம்.

சோதனைக்கு முன் குழந்தை சில மணி நேரம் வெறும் வயிற்றில் இருந்தான். அமிலச் சுரப்பைக் குறைக்கும் மருந்தும் கொடுக்கப்பட்டது. சவ்வு ஈர்த்த பொருளைக் குடலுக்குள் வெளியேற்றாமல் வைத்துக்கொள்ள இது உதவும். சிறுநீர்ப்பையிலும் அப்பொருள் சேர்ந்து அருகிலுள்ள பையை மறைத்துவிடக்கூடும் என்பதால் சிறுநீர் கழிக்கவைத்தோம். தாய் அருகில் அமர்ந்து கதை சொல்ல, அவன் ஏறக்குறைய ஒரு மணி நேரம் அசையாமல் படுத்திருந்தான். சில நிமிடங்களில் திரையில் இரைப்பை கருமையாகத் தெரியத் தொடங்கியது. அதே நேரத்தில், தொப்புளுக்கு வலப்புறம் சற்றுக் கீழே, இன்னொரு சிறு புள்ளி தோன்றியது. இரைப்பை கருமையடைய அடைய அப்புள்ளியும் கருமையடைந்தது. இரண்டும் ஒன்றாகத் தோன்றி ஒன்றாக வளர்ந்ததே அங்கும் இரைப்பைச் சவ்வு இருக்கிறது என்பதற்கான சான்று.

இப்பொருளின் வீரியம் ஆறு மணி நேரத்திற்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துவிடும். குழந்தையைத் தூக்கவும் அணைக்கவும் தடையில்லை. அன்று டயப்பர் மாற்றிய பின் கைகளை நன்றாகக் கழுவினால் போதும். கருவுற்றிருக்கும் பெண்கள் மட்டும் உடனிருக்கும் பொறுப்பை வேறொருவரிடம் விடுவது நல்லது.

இச்சோதனைக்கும் எல்லை உண்டு. பையில் இரைப்பைச் சவ்வு மிகக் குறைவாக இருந்தால் புள்ளி தெரியாமல் போகலாம். எனவே ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றால் பை இல்லை என்று பொருளன்று. ஐயம் வலுவாக இருந்தால் ஸ்கேனை மீண்டும் செய்வோம். அல்லது லேப்ராஸ்கோப்பி முறையில், தொப்புளருகே சிறு துளையிட்டுக் கேமராவின் துணையால் குடலை நேரில் பார்ப்போம்.

பை அகற்றப்பட்ட பின்

மூன்றாம் நாள் அக்குழந்தைக்கு லேப்ராஸ்கோப்பி அறுவைச் சிகிச்சை நடந்தது. புண் பையினுள் மட்டுமன்றி அதை ஒட்டிய குடலிலும் இருக்கக்கூடும் என்பதால், பையோடு சேர்த்துக் குடலின் ஒரு சிறு துண்டையும் அகற்றி, இரு முனைகளையும் இணைத்துத் தைத்தோம். அகற்றிய பகுதியை நுண்ணோக்கியில் பார்த்தபோது இரைப்பைச் சவ்வும் புண்ணும் உறுதியாயின. இரண்டாம் நாளிலிருந்து சிறிது சிறிதாகப் பால் பருகினான். ஐந்தாம் நாள் வீடு திரும்பினான். சிறுகுடல் மிக நீளமானது. இவ்வளவு சிறிய துண்டை இழந்ததால் செரிமானமோ வளர்ச்சியோ குறையாது. வீடு சென்ற பின் பச்சை நிற வாந்தி, வயிற்று உப்பல், காய்ச்சல் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் உடனே வரவேண்டும் என்று தாயிடம் கூறி அனுப்பினோம். தையல் கசிவையும் குடல் ஒட்டிக்கொள்வதையும் முதலில் அறிவிப்பவை அவையே.

வீட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியவை

பீட்ரூட்டும் சிவப்பு டிராகன் பழமும் மலத்தைச் சிவப்பாக்கும். ஆனால் அந்நிறம் உணவோடு வந்து உணவோடு போய்விடும். அடுத்த முறையும் சிவந்திருந்தால், கட்டிகள் தெரிந்தால், அல்லது எவ்வளவு என்று சொல்ல முடியாத அளவுக்கு மிகுந்தால், காத்திருக்க வேண்டாம். அந்த டயப்பரையே ஒரு பையில் கட்டி எடுத்து வாருங்கள்; முடியாவிட்டால் கைப்பேசியில் படம் எடுத்து வாருங்கள். நிறமும் அளவும் எங்களுக்குப் பல கேள்விகளுக்கு விடை தரும்.

உதடும் உள்ளங்கையும் வெளுத்திருந்தாலோ, கைகால்கள் குளிர்ந்திருந்தாலோ, குழந்தை வழக்கத்திற்கு மாறாகத் துவண்டு உறங்கிக்கொண்டே இருந்தாலோ 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். அழுகை வரும்வரை பொறுத்திருக்க வேண்டாம்; இந்நோயில் அது வராமலே போகலாம்.