ஒரே கீரை, இரு நாக்குகள்: கசப்பின் மரபணுக் கணக்கு

புது தில்லி: குளிர்காலம் தொடங்கிவிட்டால் பஞ்சாப், ஹரியாணா, தில்லி வீடுகளில் கடுகுக் கீரைக் கடைசலும் மக்காச்சோள ரொட்டியும் சமைக்கப்படுவது வழக்கம். ஒரே பாத்திரத்திலிருந்து பரிமாறப்படும் இக்கீரையை ஒருவர் கேட்டு வாங்கி உண்பதும், மற்றொருவர் கசக்கிறது என்று ஒதுக்கி வைப்பதும் உண்டு. ஒதுக்குவது குழந்தையாக இருந்தால் பிடிவாதம் என்று கடிந்துகொள்ளப்படுகிறது. ஆனால் இருவரும் உண்பது ஒரே கீரையே ஆயினும், இருவரது நாக்கும் உணர்வது ஒரே கசப்பு அல்ல.

இந்த வேறுபாடு தற்செயலாகவே தெரிய வந்தது. 1931-ல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவன ஆய்வகத்தில் வேதியியலாளர் ஆர்தர் ஃபாக்ஸ், ஃபீனைல்தயோகார்பமைடு (பி.டி.சி.) என்னும் தூளைக் கையாண்டபோது அது சிறிது காற்றில் பறந்தது. அருகில் இருந்த சக விஞ்ஞானி, தூள் கடுமையாகக் கசப்பதாகக் கூறினார். ஃபாக்ஸுக்கோ எந்தச் சுவையும் தெரியவில்லை. தூளை நாக்கிலேயே வைத்துப் பார்த்தும் அப்படித்தான் இருந்தது.

பின்னர் மரபியல் அறிஞர் ஆல்பர்ட் பிளேக்ஸ்லீயும் அவரும் சேர்ந்து, விஞ்ஞானிகள் மாநாடு ஒன்றுக்கு வந்தவர்களைச் சுவைத்துப் பார்க்கச் செய்தனர். 65 சதவீதத்தினர் கசப்பு என்றனர். 28 சதவீதத்தினர் சுவையே இல்லை என்றனர். எஞ்சியோர் வேறு சுவைகளைக் குறிப்பிட்டனர். இத்தன்மை குடும்பங்களில் வழிவழியாக வருவதும் விரைவில் தெளிவானது. பி.டி.சி. தோய்த்த காகிதத் துண்டை நாக்கில் வைத்துப் பார்க்கும் சோதனை உலகெங்கும் பரவியது. இந்தியாவிலும் மானிடவியலாளர்கள் பல்வேறு சமூகத்தினரிடையே இச்சோதனையை நடத்தினர்.

மூன்று எழுத்து வேறுபாடு: இதற்குக் காரணமான மரபணு 2003-ல் கண்டறியப்பட்டது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்த டெனிஸ் டிரேனா உள்ளிட்டோர், 7-வது குரோமோசோமில் உள்ள "டாஸ்2ஆர்38" என்ற மரபணுவை அடையாளம் காட்டினர்.

நாக்கில் உள்ள சுவை மொட்டுகளில் கசப்பை உணர்வதற்கென்றே சுமார் 25 வகை ஏற்பிப் புரதங்கள் உள்ளன. இவற்றைப் பூட்டுகள் எனக் கொண்டால், கசப்புப் பொருள்கள் சாவிகள். பொருந்தும் சாவி நுழைந்தால் மூளைக்குக் கசப்புச் செய்தி போகிறது. டாஸ்2ஆர்38 மரபணு உருவாக்கும் ஏற்பி 333 அமினோ அமிலங்களால் ஆன சங்கிலி. அதில் 49, 262, 296 ஆகிய மூன்று இடங்களில் மட்டும் மனிதர்களிடையே முக்கிய வேறுபாடு காணப்படுகிறது. ஒரு வடிவம் பி.டி.சி.யைக் கூர்மையாக உணர்கிறது. மற்றொரு வடிவம் ஏறக்குறைய உணர்வதே இல்லை.

தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இம்மரபணுவின் இரு பிரதிகள் ஒவ்வொருவருக்கும் வருகின்றன. தாய், தந்தை இருவரிடமும் உணரும் வடிவம் ஒன்றும் உணராத வடிவம் ஒன்றும் இருப்பதாகக் கொள்வோம். இவர்களுக்குப் பிறக்கும் குழந்தை இரண்டும் உணரும் வடிவமாகப் பெற நான்கில் ஒரு பங்கும், இரண்டும் உணராத வடிவமாகப் பெற நான்கில் ஒரு பங்கும், பெற்றோரைப் போலவே கலந்து பெற நான்கில் இரு பங்கும் வாய்ப்பு உண்டு. ஆகவே ஒரே வீட்டில் அண்ணனுக்குக் கடுமையாகக் கசப்பது தங்கைக்கு அறவே கசக்காமல் போவதில் வியப்பில்லை.

காய்கறிக்கும் இதற்கும் என்ன தொடர்பு? பி.டி.சி. எந்த உணவிலும் இல்லை. ஆனால் கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, டர்னிப், கடுகுக் கீரை ஆகியவற்றில் குளுக்கோசினோலேட் எனும் சேர்மங்கள் உள்ளன. இவற்றிலிருந்து உண்டாகும் சில பொருள்களில், பி.டி.சி.யில் இருப்பது போன்றே நைட்ரஜன், கார்பன், கந்தகம் ஆகியவை இணைந்த அமைப்பு காணப்படுகிறது. அதாவது, அதே பூட்டுக்குப் பொருந்தும் சாவி இக்காய்கறிகளிலும் இருக்கிறது.

ஃபிலடெல்ஃபியாவில் உள்ள மோனெல் ஆய்வு மையத்தின் மாரி சாண்டெல், பால் பிரெஸ்லின் ஆகிய இருவரும் 2006-ல் இதை நேரடியாகச் சோதித்தனர். 35 பேருக்கு 28 வகைக் காய்கறிகள் தரப்பட்டன. அவற்றில் 17, குளுக்கோசினோலேட் உள்ளவை. உணரும் வடிவம் இரண்டும் பெற்றவர்கள், உணராத வடிவம் இரண்டும் பெற்றவர்களைவிட இந்த 17 காய்கறிகளின் கசப்பை 60 சதவீதம் அதிகமாக மதிப்பிட்டனர். கலந்து பெற்றவர்கள் இடையில் நின்றனர். குளுக்கோசினோலேட் இல்லாத மற்ற காய்கறிகளில் இந்த வேறுபாடு தென்படவில்லை.

குழந்தைகளின் நிலை தனியானது. கலந்த வடிவம் பெற்ற குழந்தைகள், அதே வடிவம் பெற்ற தாய்மார்களைவிடக் கூடுதலாகக் கசப்பை உணர்வதாக அதே மையத்தின் 2005-ம் ஆண்டு ஆய்வு காட்டியது. பெரியவர்களுக்கு இதமாக உள்ள காலிஃபிளவர், குழந்தைக்கு உண்மையாகவே கசக்கக்கூடும்.

எனினும் மரபணு முடிவுரை எழுதிவிடுவதில்லை. கசப்பாக உணர்வது வேறு. வெறுத்து ஒதுக்குவது வேறு. உணரும் வடிவம் உள்ளோர் எவ்வளவு காய்கறி உண்கின்றனர் என்று பார்த்த ஆய்வுகள் ஒரே முடிவைத் தரவில்லை. பழக்கமும் சமையலும் குறுக்கிடுவதே காரணம்.

வடநாட்டுச் சமையலே இதற்குச் சான்று. கடுகுக் கீரையுடன் பாலக், பதுவா கீரைகளைச் சேர்ப்பதால் கசப்புப் பொருளின் அடர்த்தி குறைகிறது. நீரில் வேகவைக்கும்போது குளுக்கோசினோலேட்டின் ஒரு பகுதி நீரில் இறங்கிவிடுகிறது. நீரை வடித்தால் வைட்டமின் சி-யும் உடன் போய்விடும் என்பது இதன் குறை. உப்பில் உள்ள சோடியம் கசப்பு உணர்வையே அடக்குகிறது. வெல்லமும் வெண்ணெயும் எஞ்சியதை மறைக்கின்றன.

மறைக்கக் கூடாத கசப்பு: பாகற்காயின் கசப்பு வேறு சேர்மங்களால் வருவது, அதை உணரும் பூட்டுகளும் வேறு. எனவே பி.டி.சி. சோதனையில் எதுவும் தெரியாதவருக்கும் பாகற்காய் கசக்கும். சுரைக்காய் சில வேளைகளில் கசப்பதும் குகர்பிட்டேசின் என்ற நச்சுப் பொருள் மிகுவதால்தான். சமைத்தாலும் அது அழிவதில்லை.

2010-ல் தில்லியில் விஞ்ஞானி ஒருவர், கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்த பிறகு உயிரிழந்தார். இதைத் தொடர்ந்து ஆராய்ந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நிபுணர் குழு, சாறு பிழியும் முன் சிறு துண்டைச் சுவைத்துப் பார்க்க வேண்டும், கசந்தால் எறிந்துவிட வேண்டும், வேறு சாறுகளுடன் கலக்கக் கூடாது என்று அறிவுறுத்தியது. பாகற்காய்ச் சாற்றுடன் கலந்தால் சுரைக்காயின் கசப்பு தனியே தெரியாது. குடித்தபின் வயிற்றுவலி, வாந்தி ஏற்பட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இந்த நச்சுக்கு மாற்று மருந்து இல்லை.

கடுகுக் கீரையில் கசப்பு இயல்பானது. அதைக் குறைத்துச் சமைக்கலாம். கசக்கக் கூடாத சுரைக்காய் கசந்தால், அந்த எச்சரிக்கைக்கு நாக்கின் மரபணு எதுவாயினும் செவிசாய்ப்பதே பாதுகாப்பு.