கூட்டினால் பத்து: எல்லா எண்ணையும் தொடாமல் எண்ணும் முறை

புது வண்டி வாங்குகிறவர்கள் பதிவெண்ணின் இலக்கங்களைக் கூட்டிப் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். அந்தப் பழக்கத்திலிருந்தே ஒரு கேள்வி எடுத்துக்கொள்வோம். 1850 முதல் 5274 வரை உள்ள எண்களில், இலக்கங்களைக் கூட்டினால் சரியாக 10 வருகிறவை எத்தனை?

இருப்பவை 3425 எண்கள்தான். கணினியிடம் கொடுத்தால் ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்து நொடியில் சொல்லிவிடும். ஆனால் மேல் எல்லை 1-க்குப் பின்னால் 18 பூஜ்யம் போட்ட எண் என்றால்? நொடிக்கு நூறு கோடி எண்களைச் சோதித்தாலும் 31 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இந்த இடத்தில்தான் நிரலாளர்கள் ‘டிஜிட் டி.பி.’ என்று சொல்லும் முறை கைகொடுக்கிறது. டி.பி. என்பது டைனமிக் புரோகிராமிங். 1950-களில் ரிச்சர்டு பெல்மன் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் வைத்த பெயர். ஒருமுறை போட்ட கணக்கைக் குறித்துவைத்து, மறுபடி தேவைப்படும்போது எடுத்துக்கொள்வதுதான் அதன் சாரம்.

முதலில் கேள்வியை இரண்டாக உடைக்கலாம். 0 முதல் 5274 வரை எத்தனை என்று கண்டு, அதிலிருந்து 0 முதல் 1849 வரை உள்ளதைக் கழித்தால் போதும். இனி நம் கவலை மேல் எல்லை ஒன்றுதான்.

இப்போது எண்ணை இடமிருந்து வலமாக, ஓர் இலக்கமாக எழுதிப் போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரத்தின் இடத்தில் 4 எழுதிவிட்டோம். இனி என்ன எழுதினாலும் 5274-ஐத் தாண்டாது. மீதி மூன்று இடங்களும் கட்டற்றவை. அவற்றின் கூட்டு 6 ஆக வேண்டும், அவ்வளவுதான். அது எத்தனை விதம்?

இரண்டு இடங்களில் 6 வருவதற்கு 06, 15, 24 என்று 60 வரை 7 வழிகள். 5 வருவதற்கு 6 வழிகள், 4-க்கு 5 வழிகள். ஆகவே மூன்று இடங்களுக்கு, முதல் இடத்தில் 0 வைத்தால் 7, 1 வைத்தால் 6 என்று இறங்கி வந்து, 7+6+5+4+3+2+1 = 28. சின்னக் கணக்கின் விடையை அடுக்கிப் பெரிய கணக்கின் விடை வந்துவிட்டது. ‘மீதி இத்தனை இடம், தேவை இவ்வளவு’ என்ற இரண்டு செய்திதான் அட்டவணையின் ஒவ்வொரு கட்டமும். அந்த இடத்துக்கு எந்த இலக்கங்கள் வழியாக வந்தோம் என்பது தேவையே இல்லை. என் பார்வையில் இந்த முறையின் உயிர் அந்த மறதிதான்.

இதேபோல் ஆயிரத்தின் இடத்தில் 0, 1, 2, 3 வைத்தால் முறையே 63, 55, 45, 36. 4-க்கு உரிய 28-ஐயும் சேர்த்து 227.

5 வைத்தால் கதை வேறு. எல்லை எண்ணை ஒட்டியே நடக்கிறோம். அடுத்த இலக்கம் 2-ஐத் தாண்டக் கூடாது. 0 வைத்தால் 6 வழி, 1 வைத்தால் 5 வழி. 2 வைத்தால் இன்னும் ஒட்டித்தான் போகிறோம், தேவை 3. பத்தின் இடத்தில் 0 முதல் 3 வரை வைத்து 4 வழி. அதற்கு மேல் வைத்தால் கூட்டு 10-ஐத் தாண்டிவிடும். மொத்தம் 227+11+4 = 242.

1849-க்கும் இப்படியே செய்தால் 117. விடை 242−117 = 125.

18 இலக்கம் வரை போனாலும் அட்டவணைக்குச் சுமார் மூவாயிரம் கட்டங்கள் போதும். ஆனால் எல்லா நிபந்தனைக்கும் இது ஒத்துவராது. குறித்துவைக்க வேண்டிய செய்தி சிறிதாக இருக்க வேண்டும். 7-ஆல் வகுபடும் எண்கள் என்றால் மீதி ஏழில் ஒன்று, எளிது. நூறு கோடியால் வகுபட வேண்டும் என்றால் மீதிகளே நூறு கோடி. பகா எண்களை எண்ண இது உதவவே உதவாது.

தவறுகள் வரும் இடங்களும் தெரிந்தவைதான். கூட்டுத்தொகைக் கணக்கில் 0045 என்று முன்னால் பூஜ்யம் நின்றால் கெடுதி இல்லை. ‘அடுத்தடுத்து ஒரே இலக்கம் வரக் கூடாது’ என்ற நிபந்தனையிலோ, அந்தப் பூஜ்யங்களே 45-ஐத் தவறாகத் தள்ளிவிடும். அங்கே எண் தொடங்கிவிட்டதா என்பதையும் குறித்துவைக்க வேண்டும்.

இன்னொன்று, 1849 வரை உள்ளதைக் கழிப்பதற்குப் பதில் 1850 வரை கழித்துவிடுவது. 1850-இன் கூட்டு 14 என்பதால் நம் கணக்கில் இந்தப் பிழை வெளியே தெரியாமல் தப்பிவிடும். நீங்கள் நிரல் எழுதினால், 1900 முதல் 1900 வரை என்று கொடுத்துப் பாருங்கள். விடை 1 வர வேண்டும். 0 வந்தால் கழித்த இடத்தில்தான் தவறு.