மூன்று விமானங்களுக்குள் மலிவான வழி

ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மிகக் குறைந்த கட்டணத்தில் போகும் வழியைத் தேடுவது ஒரு கணக்கு. விமானம் மாறுவது இரண்டு தடவைக்கு மேல் கூடாது என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்துவிட்டால் அது வேறொரு கணக்கு. முதல் கணக்கில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரே ஒரு விலையை நினைவில் வைத்தால் போதும். இரண்டாவதில் அந்த விலைக்கு எத்தனை விமானங்கள் செலவாயின என்பதும் தெரிந்தாக வேண்டும். இந்தக் கூடுதல் தகவலைச் சிக்கனமாகக் கையாளும் முறைதான் அடுக்கடுக்காகச் செய்யும் தளர்த்தல்.

மதுரையிலிருந்து குவாஹாட்டிக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்காக ஆறு விமானங்கள் மட்டும் இருப்பதாகவும், கட்டணங்கள் இப்படி இருப்பதாகவும் கொள்ளலாம். மதுரை–சென்னை 2,000 ரூபாய். சென்னை–ஐதராபாத் 1,500. ஐதராபாத்–கொல்கத்தா 2,500. சென்னை–கொல்கத்தா 5,000. கொல்கத்தா–குவாஹாட்டி 2,000. சென்னை–குவாஹாட்டி 8,500. எல்லாம் ஒருவழிப் பயணம்.

நிபந்தனை எதுவும் இல்லையென்றால் மலிவான வழி சென்னை, ஐதராபாத், கொல்கத்தா மூன்றையும் தொட்டுச் செல்கிறது. நான்கு விமானங்கள், 8,000 ரூபாய். இடையில் இரண்டு நிறுத்தங்கள்தான், அதாவது மூன்று விமானங்கள்தான் என்றால் சென்னை, கொல்கத்தா வழியாக 9,000 ரூபாய். ஒரே நிறுத்தம் என்றால் சென்னையில் மட்டும் மாறி 10,500 ரூபாய். ஆறு விமானங்கள் உள்ள பட்டியலில் இதைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். ஒவ்வொரு ஊரிலிருந்தும் இருபது விமானங்கள் கிளம்பும் வலைப்பின்னலில் ஐந்து விமானங்கள் வரை அனுமதித்தால் பார்க்க வேண்டிய வழிகள் 32 லட்சம் ஆகிவிடும். அங்கே முறை ஒன்று வேண்டும்.

மலிவான வழி என்றதும் பலரும் எடுப்பது நெதர்லாந்தைச் சேர்ந்த எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்ட முறையை. இதுவரை எட்டிய ஊர்களில் எது மிக மலிவோ அதை எடுத்து, அதன் விலையை இறுதி என்று முடிவு செய்து, அங்கிருந்து மேலே போவது அதன் வழக்கம். இதே முறையில் மூன்று விமானங்களுக்கு மேல் போகாதே என்ற தடையை மட்டும் ஒட்டவைத்தால் என்ன ஆகும்? சென்னை 2,000க்கு முடிவாகிறது. அங்கிருந்து ஐதராபாத் 3,500, கொல்கத்தா 7,000, குவாஹாட்டி 10,500. அடுத்து ஐதராபாத் முடிவாகிறது. அதன் வழியாகக் கொல்கத்தாவின் விலை 6,000 ஆகக் குறைகிறது. 7,000 அழிக்கப்படுகிறது. தவறு இந்த இடத்தில்தான் நேர்கிறது. 6,000க்குக் கொல்கத்தா வந்தவர் மூன்று விமானங்களையும் செலவழித்துவிட்டார். அவரால் குவாஹாட்டிக்கு ஏற முடியாது. 7,000க்கு வந்தவரிடம் இன்னும் ஒரு விமானம் மீதி இருந்தது, ஆனால் அவருடைய கணக்கு அழிந்துவிட்டது. விடை 10,500 என்று வருகிறது. சரியான விடை 9,000.

மலிவாக வந்தவரும் சீக்கிரம் வந்தவரும் ஒரே ஊரில் நின்றாலும் ஒரே நிலையில் இல்லை என்பதுதான் இதன் சாரம். ஆகவே ஊரின் பெயரோடு செலவான விமானங்களின் எண்ணிக்கையையும் சேர்த்து ஒரு நிலையாகக் கொள்ள வேண்டும். ஒரு விமானத்துக்குள் எட்டும் ஊர்கள் ஓர் அடுக்கு, இரண்டுக்குள் எட்டுபவை அடுத்த அடுக்கு என்று விலைகளைத் தனித்தனி வரிசைகளாக எழுதிக்கொண்டு போனால் எந்த விலையும் இன்னொன்றை அநியாயமாக அழிக்காது.

இதன் வேர் பெல்மன்–ஃபோர்டு முறையில் இருக்கிறது. லெஸ்டர் ஃபோர்டு 1956இலும் ரிச்சர்ட் பெல்மன் 1958இலும் வெளியிட்டவற்றால் அந்தப் பெயர் வந்தது. அல்ஃபோன்சோ ஷிம்பெல், எட்வர்ட் மூர் இருவரும் அதே ஆண்டுகளையொட்டி இதே கருத்தைத் தாமாக எட்டியவர்கள். பெயரில் அவர்களுக்கு இடம் கிடைக்காமல் போனது வருத்தம்தான். விமானங்களின் முழுப் பட்டியலையும் ஒரு சுற்று பார்ப்பது, ஒவ்வொரு விமானத்திலும் புறப்படும் ஊரின் விலையோடு கட்டணத்தைக் கூட்டுவது, சேரும் ஊரின் இப்போதைய விலையைவிட அது குறைவாக இருந்தால் மாற்றி எழுதுவது: தளர்த்தல் என்பது இவ்வளவுதான். நிபந்தனை இல்லாதபோது ஊர்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைவான சுற்றுகள் போதும். எண்ணிக்கைக்கு வரம்பு இருந்தால், வரம்பு எத்தனையோ அத்தனை சுற்றோடு நிறுத்திவிட வேண்டியதுதான்.

மதுரைக் கணக்கில் தொடக்க வரிசையில் மதுரை மட்டும் 0. மற்ற ஊர்கள் எல்லாம் எட்டாதவை. முதல் சுற்றில் சென்னை 2,000 ஆகிறது; வேறு எதுவும் மாறாது. இரண்டாம் சுற்றில் சென்னையிலிருந்து கிளம்பும் மூன்று விமானங்களும் வேலை செய்கின்றன: ஐதராபாத் 3,500, கொல்கத்தா 7,000, குவாஹாட்டி 10,500. மூன்றாம் சுற்றில் ஐதராபாத் வழியாகக் கொல்கத்தா 6,000 ஆகிறது. அதே சுற்றில் குவாஹாட்டி 9,000 ஆகிறது. இந்த 9,000 எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். அது கொல்கத்தாவின் புது விலையான 6,000த்திலிருந்து வரவில்லை. போன சுற்றின் 7,000த்தோடு 2,000 கூட்டி வந்தது. நான்காம் சுற்று நடந்திருந்தால்தான் 6,000 குவாஹாட்டிக்குப் பயன்பட்டு 8,000 ஆகியிருக்கும்.

எனவே முறையின் உயிர் ஒரே ஒரு விதியில் இருக்கிறது: பழைய வரிசையிலிருந்து படிக்க வேண்டும், புதிய வரிசையில் எழுத வேண்டும். பைதான் மொழியில் அது இப்படி அமையும்.

```python
INF = float("inf")

def cheapest(n, flights, src, dst, stops):
    old = [INF] * n
    old[src] = 0
    for _ in range(stops + 1):
        new = old[:]
        for u, v, fare in flights:
            if old[u] + fare < new[v]:
                new[v] = old[u] + fare
        old = new
    return old[dst]
```

இரண்டு வரிசைகள் எதற்கு, இடம் வீண்தானே என்று ஒன்றையே வைத்து எழுதுபவர்கள் உண்டு. விமானங்கள் மேலே சொன்ன வரிசையிலேயே பட்டியலில் இருந்தால், அந்த நிரல் முதல் சுற்றிலேயே சென்னையை 2,000 என்று எழுதி, அதை உடனே படித்து ஐதராபாத்தை 3,500 என்று எழுதி, அதையும் படித்துக் கொல்கத்தா 6,000, குவாஹாட்டி 8,000 என்று முடித்துவிடும். ஒரே விமானத்தில் போகக் கேட்டவருக்கு நான்கு விமானங்களின் விலை கிடைக்கும். இதைவிடத் தொல்லையானது, அதே பட்டியலைத் தலைகீழாகக் கொடுத்தால் அதே நிரல் மூன்று சுற்றில் 9,000 என்று சரியாகச் சொல்லிவிடும். அப்போது பிழை ஒளிந்துகொள்கிறது. விமானங்களின் வரிசையைக் கலைத்துக் கலைத்து ஓட்டிப் பார்த்து, விடை மாறுகிறதா என்று கவனிப்பதே இதைப் பிடிக்கும் எளிய வழி. சரியான நிரலின் விடை பட்டியலின் வரிசையைப் பொறுத்து மாறாது.

புதிய வரிசையைப் பழையதன் நகலாகத் தொடங்குவதிலும் பொருள் இருக்கிறது. நகல் எடுப்பதால் குறைந்த விமானங்களில் கிடைத்த விலைகள் அப்படியே அடுத்த அடுக்குக்கு வருகின்றன. வரிசையின் பொருள் 'இத்தனைக்குள்' என்று ஆகிறது. நகல் எடுக்காமல் ஒவ்வொரு சுற்றையும் வெறுமையிலிருந்து தொடங்கினால் பொருள் 'சரியாக இத்தனை' என்று மாறிவிடும். நம் எடுத்துக்காட்டில் ஐந்து விமானங்கள் வரை அனுமதித்தால் அப்படிப்பட்ட நிரல் வழியே இல்லை என்று கைவிரிக்கும், ஏனென்றால் சரியாக ஐந்து விமானங்களில் குவாஹாட்டி போக அங்கே வழி கிடையாது. நிறுத்தங்களையும் விமானங்களையும் குழப்பிக்கொள்வதும் சாதாரணமாக நடப்பது. இரண்டு நிறுத்தம் என்றால் மூன்று விமானம், ஆகவே மூன்று சுற்று. நிரலில் `stops + 1` என்று இருப்பது அதனால்தான்.

விலை மட்டும் போதாது, வழியும் வேண்டும் என்பவர்களுக்கு இன்னும் ஒரு கவனம் தேவை. ஒவ்வொரு ஊருக்கும் எந்த ஊரிலிருந்து வந்தோம் என்ற குறிப்பை ஒன்றே ஒன்றாக வைத்தால் மூன்றாம் சுற்றின் முடிவில் குவாஹாட்டிக்குக் கொல்கத்தா என்றும், கொல்கத்தாவுக்கு ஐதராபாத் என்றும், ஐதராபாத்துக்குச் சென்னை என்றும் இருக்கும். பின்னோக்கிப் படித்தால் நான்கு விமானங்கள் உள்ள வழி வரும். மேலே விலை 9,000 என்று இருக்கும். அந்த நான்கு கட்டணங்களைக் கூட்டினால் 8,000 வரும். விலையும் வழியும் பொருந்தாமல் நிற்பதே அடையாளம். வந்த ஊரை ஒவ்வோர் அடுக்குக்கும் தனியாகக் குறித்துவைத்து, பின்னோக்கி ஒரு ஊர் நகரும்போது ஓர் அடுக்கும் இறங்கினால் இது தீரும். ஓர் அடுக்கில் விலை மாறவில்லையென்றால், அதே ஊரில் நின்றபடி அடுக்கு மட்டும் இறங்க வேண்டும்.

வேலையின் அளவு எளிதாகக் கணக்கிடக்கூடியது: சுற்றுகளின் எண்ணிக்கையை விமானங்களின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். நூறு ஊர்கள், ஊருக்கு இருபது விமானங்கள் என்றால் மொத்தம் 2,000. ஐந்து விமானங்கள் வரை அனுமதித்தாலும் 10,000 ஒப்பீடுகளோடு முடிந்துவிடும். முன்னே சொன்ன 32 லட்சம் வழிகளைத் தொடவே வேண்டாம். ஒரு சுற்றில் எந்த விலையும் மாறவில்லையென்றால் அதற்கு மேல் ஓட்டவும் தேவையில்லை. டைக்ஸ்ட்ரா முறையை விரும்புபவர்கள், ஊரையும் விமான எண்ணிக்கையையும் சேர்த்து ஒரு நிலையாக வைத்து அதிலேயே ஓட்டலாம். விடை சரியாகவே வரும். வரம்பு சிறியதாக இருக்கும்போது இரண்டு வரிசைகளும் ஒரு வட்டமும் போதுமான இந்த முறை எழுதவும் சரிபார்க்கவும் சுலபம்.

உண்மையான விமானப் பயணத்துக்கு இதை அப்படியே பொருத்தும்போது இரண்டு இடங்களில் இடிக்கும். முதலாவது நேரம். காலை பத்து மணிக்குக் கொல்கத்தாவில் இறங்குபவரால் ஒன்பது மணி விமானத்தைப் பிடிக்க முடியாது. அதனால் ஊரை நிலையாகக் கொள்ளாமல் ஒவ்வொரு விமானத்தையும் நிலையாகக் கொண்டு, இறங்கி ஏறப் போதிய அவகாசம் உள்ள விமானங்களுக்கு இடையே மட்டும் இணைப்பு போட வேண்டும். இரண்டாவது கட்டணம். இந்த முறை வழியின் விலை என்பது துண்டுகளின் கூட்டுத்தொகை என்று நம்பியிருக்கிறது. மதுரையிலிருந்து குவாஹாட்டி வரை ஒரே டிக்கெட்டாக வாங்கும்போது விலை அந்தக் கூட்டுத்தொகையாக இருக்க வேண்டும் என்பதில்லை. அப்படிப்பட்ட முழு டிக்கெட்டை, அதன் சொந்த விலையோடும் அதில் அடங்கிய விமானங்களின் எண்ணிக்கையோடும், தனி இணைப்பாகப் பட்டியலில் சேர்க்க வேண்டும். இரண்டு விமானங்கள் அடங்கிய டிக்கெட் என்றால் ஓர் அடுக்குக்கு முந்தைய வரிசையை அல்ல, இரண்டு அடுக்குக்கு முந்தைய வரிசையைப் படிக்க வேண்டும். அதற்காகப் பழைய வரிசைகளை அத்தனை தூரம் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.